வெள்ள நிவாரணத்துக்கு லீவு: பாலிசியைக் காட்டி எப்படிக் கேட்பது?

*கேள்வி: ஓ.எம்.ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். வயது 28. சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நிவாரண வேலைக்குப் போக அஞ்சு நாள் லீவு கேட்டேன். "ரிலீஸ் நேரம், முடியாது" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனியில் தன்னார்வப் பணிக்கென்றே வருடத்துக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு இருப்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. இன்னொரு முறை அப்படி ஒரு நிலை வந்தால், பாலிசியைக் காட்டிக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? சட்டப்படி எனக்கு உரிமை உண்டா? மேனேஜரோடு மனக்கசப்பு வராமல் எப்படிக் கேட்பது? பாலிசியின் அந்தப் பக்கத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். — ஒரு வாசகர், சென்னை*

தம்பி, சட்டக் கேள்விக்குப் பதில் சின்னது. அதை முதலில் முடித்துவிடலாம். தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர் நிவாரணப் பணிக்குப் போகிறேன் என்றால் லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆஸ்திரேலியாவில் உண்டு. அங்கீகாரம் பெற்ற அவசரகால அமைப்பு ஒன்றில் நீங்கள் சேர்ந்திருந்து, அந்த அமைப்பு கூப்பிட்டால், வேலைக்கு வராமல் இருக்கும் உரிமையை அங்கே வேலைச் சட்டமே தருகிறது. அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று அது சொல்வதில்லை. இங்கே நம் கையில் இருப்பது கம்பெனி தானே எழுதி வைத்துக்கொண்ட பாலிசி மட்டும்தான். உங்கள் பாலிசியில் "பணித் தேவைக்கு உட்பட்டு, மேலாளரின் முன் அனுமதியோடு" என்று ஒரு தொடர் இருக்கிறது. அது இருக்கும்வரை, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் பேச முடியாது.

ஆனாலும் எழுத்தில் இருக்கிற பாலிசியை மேனேஜர் சும்மா ஒதுக்கிவிடவும் முடியாது. மறுக்க வேண்டுமென்றால் அதிலுள்ள ஏதாவது ஒரு வரியைக் காட்டித்தான் மறுக்க வேண்டும். அப்படி அவர் காட்டக்கூடிய வரி ஒவ்வொன்றுக்கும் கேட்கும்போதே பதில் வைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. இருபது வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். என் மேஜைக்கு வந்த தன்னார்வ லீவு விண்ணப்பங்களில் நின்றுபோனவை பெரும்பாலும் தேதியாலும் கடிதம் இல்லாததாலும்தான் நின்றுபோயின.

இன்னொரு பிடியும் உங்களுக்கு இருக்கிறது, அது சட்டம் தருவது. 1947-ஆம் வருடத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் மற்ற விடுமுறைகளோடு வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு தற்செயல் விடுப்பும் உண்டு. அதை எதற்கு எடுக்கலாம் என்றால், நியாயமான எந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் டெஸ்டிங் வேலையில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தடை வராது. தன்னார்வ லீவு இரண்டு நாள்தான் என்றாலும், மீதி நாட்களுக்கு சி.எல். இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிறகு தொடுகிறேன்.

இப்போது பாலிசிக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது "ஒரு காலண்டர் ஆண்டில் 16 மணி நேரம் வரை" என்ற வரி. சில கம்பெனிகளில் நிதியாண்டு என்று இருக்கும், ஏப்ரல் முதல் மார்ச் வரை. உங்களுடையது ஜனவரி முதல் டிசம்பர் வரை. நம் ஊர் மழைக்கு இது பெரிய வித்தியாசம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. தமிழ்நாட்டின் பெரிய வெள்ளங்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில்தான் வருகின்றன. அதாவது இந்த வருடக் கணக்கு முடியப்போகும் நேரத்திலும் அடுத்த கணக்கு திறக்கப்போகும் நேரத்திலும்.

நீங்கள் சொன்ன 2023-ஐயே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்திருந்தது. தாமிரபரணி கரை தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் உங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே பயணிகளோடு சிக்கிக்கொண்டது. நீங்கள் லீவு கேட்டது அந்த வாரத்துக்கு. அந்த வாரத்தில் ரயிலும் இல்லை, சாலையும் பல இடங்களில் இல்லை. படகும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலைதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து பயிற்சியில்லாத ஒருவர் போனால், உணவும் இடமும் தேடும் இன்னொரு ஆளாகத்தான் இருப்பார். அதே வாரம் உங்கள் ரிலீஸும்.

வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்து அதே ஊரில் என்ன நிலைமை இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தேங்கிய சேறு காய்ந்து தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மண்வெட்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மொட்டை மாடியில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைப் பக்கம் பக்கமாக விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே செங்கல் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டும் பட்டாவும் நனைந்து போய், எந்த அலுவலகத்தில் எந்த மனு என்று தெரியாமல் வயதானவர்கள் நிற்பார்கள். டிவிக்காரர்கள் போயிருப்பார்கள், லாரி லாரியாகப் பொருள் வருவதும் நின்றிருக்கும். ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

காலண்டரைத் திருப்புங்கள். டிசம்பர் 28, 29 வியாழனும் வெள்ளியும். அவற்றுக்கு 2023 கணக்கிலுள்ள இரண்டு நாள். 30, 31 சனி, ஞாயிறு. ஜனவரி 1 திங்கள், பெரும்பாலான ஐடி கம்பெனிகளில் விடுமுறை. 2, 3 செவ்வாயும் புதனும். அவற்றுக்கு 2024 கணக்கில் புதிதாகத் திறந்த இரண்டு நாள். மொத்தம் ஏழு நாள் தொடர்ச்சியாக, ஒரு சி.எல்.கூடத் தொடாமல். நீங்கள் கேட்டதைவிட இரண்டு நாள் கூட. அதோடு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பலர் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை சிஸ்டத்தில் எந்த மாற்றமும் செய்ய விடமாட்டார்கள், ஃப்ரீஸ் என்பார்கள். டெஸ்டிங் டீமுக்கு வருடத்திலேயே கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும் வாரம் அது. இதை மறைத்துச் செய்ய வேண்டியதில்லை. நான்கு நாளும் எந்தெந்த ஆண்டுக் கணக்கில் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். ஜனவரி நாட்களை டிசம்பரிலேயே போர்ட்டலில் போட முடியாமல் இருக்கலாம். அப்படியென்றால் அனுமதியை மெயிலில் வாங்கிவைத்துக்கொண்டு ஜனவரி பிறந்ததும் பதிவு செய்யுங்கள்.

16 மணி நேரம் என்று மணிக்கணக்கில் இருப்பதும் உங்களுக்குச் சாதகம்தான். அரை நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஜூன் மாதம் கம்பெனி நடத்தும் மரம் நடும் விழாவில் எட்டு மணி நேரம் போட்டுவிட்டால், டிசம்பரில் மிச்சம் ஒரு நாள்தான். வெள்ளத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்த எட்டு மணியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வரி, பலர் தடுக்கி விழும் வரி: "பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு அல்லது அரசு அமைப்பு நடத்தும் பணி." நம் ஊரில் நிவாரணம் எப்படி நடக்கிறது? வாட்ஸாப் குரூப் ஒன்று முளைக்கும், ஊர் இளைஞர்கள் பத்துப் பேர் ஒரு வேன் பிடிப்பார்கள், அரிசியும் பாயும் போர்வையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். நல்ல வேலை. ஆனால் பாலிசியின் கண்ணில் அது "அமைப்பு" இல்லை. இன்னொரு பக்கம் கோயில், சர்ச், பள்ளிவாசல், கட்சி இளைஞரணி, ரசிகர் மன்றம் என்று களத்தில் முதலில் நிற்பவர்கள் பலர். உங்கள் பாலிசி "மதம், அரசியல் சார்ந்த நடவடிக்கைகள் தவிர" என்கிறது. அவர்களோடு போகிறேன் என்று எழுதினால் அந்த வரியைக் காட்டியே நிறுத்திவிடுவார்கள்.

இதற்கு வழி, மழைக்கு முன்பே பதிவு பெற்ற ஒரு அமைப்பில் பெயர் கொடுத்து வைப்பது. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்த உள்ளூர் தொண்டு நிறுவனம் போதும். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920-ஆம் வருடச் சட்டத்தால் அமைந்தது என்பதால், அதன் மாவட்டக் கிளையின் கடிதத்தை எந்தக் கம்பெனியும் கேள்வி கேட்காது. "அரசு அமைப்பு" என்றும் இருப்பதால், தாலுகா அலுவலகமோ கலெக்டர் அலுவலகமோ நடத்தும் பணியில் சேர்ந்தாலும் சரி. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தமித்ரா திட்டத்தில் உங்கள் மாவட்டத்தில் சேர வழி இருந்தால் அது இன்னும் நல்லது. அங்கே முறையான பயிற்சியும் தருகிறார்கள். நான் மேலே சொன்ன "பயிற்சியில்லாதவர்" என்ற குறை அதோடு தீரும்.

ஒரு இடைஞ்சல் வரும், தயாராக இருங்கள். கம்பெனியின் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பார்க்கும் சி.எஸ்.ஆர். டீமில் சிலர் அந்தத் தொண்டு நிறுவனத்தின் 80ஜி சான்றிதழ், சி.எஸ்.ஆர்-1 பதிவு எண் எல்லாம் கேட்பார்கள். அவை பணம் கொடுப்பதற்கான தாள்கள். சி.எஸ்.ஆர்-1 என்பது கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணத்தை வாங்கிச் செலவு செய்யும் அமைப்புகளுக்கான பதிவு. நீங்கள் கொடுப்பது உங்கள் நேரத்தை. ஊழியர் கொடுக்கும் நேரத்துக்கு விலை போட்டு சி.எஸ்.ஆர். செலவில் சேர்க்கக்கூடாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே "இதில் பணம் எதுவும் போகவில்லை, பாலிசி கேட்பது பதிவுச் சான்றிதழை மட்டும்தான், அதை இணைத்திருக்கிறேன்" என்று பணிவாக ஒரு வரி எழுதுங்கள். அதற்கு மேலும் எங்கள் கம்பெனி விதி இது என்றால், வாதாடாமல் அந்தப் பதிவு உள்ள வேறொரு அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். போக நினைப்பது உங்கள் சொந்த ஊருக்கு. உங்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருக்கலாம். அம்மா அப்பாவுக்காகச் சேறு அள்ளுவது தன்னார்வப் பணியாகாது, அது குடும்ப வேலை. அதைத் தன்னார்வக் கணக்கில் எழுதாதீர்கள். யாராவது ஒருவர் அப்படிச் செய்தது தெரிந்தால், அடுத்த வருடம் கேட்கும் எல்லோருக்கும் சந்தேகக் கண்ணோடுதான் அனுமதி வரும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு முதல் இரண்டு நாள் சி.எல். எடுங்கள். நியாயமான காரணத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. அதன்பின் அமைப்போடு சேர்ந்து ஊருக்கு வேலை செய்யும் நாட்களுக்குத் தன்னார்வ லீவு. இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்.

சரி, "பணித் தேவைக்கு உட்பட்டு". மேனேஜர் ஏன் தயங்குகிறார் என்று புரிந்துகொண்டால் கேட்பது எளிது. உங்கள் வேலைக்கு வாடிக்கையாளர் நாள் கணக்கிலோ மணிக் கணக்கிலோ பணம் கட்டுகிறார். தன்னார்வ லீவில் கம்பெனி உங்களுக்குச் சம்பளம் தரும், வாடிக்கையாளருக்குப் பில் போட முடியாது. அந்த இழப்பு மேனேஜரின் கணக்கில் வந்து நிற்கிறது. பாலிசியை எழுதியது தலைமை அலுவலகம், அதன் செலவைச் சுமப்பது அவர். ஆகவே அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்தான்: எந்த நாட்கள், அந்த நாட்களில் உங்கள் வேலையை யார் பார்ப்பார், வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லலாமா. திங்கள் காலை மெயில் போட்டு செவ்வாய்க்கிழமை கிளம்புகிறேன் என்றால் மூன்றுக்குமே அவரிடம் பதில் இருக்காது.

மழைக்காலத்துக்கு முன்பே, செப்டம்பர் வாக்கில், நேரில் ஒரு தடவை பேசிவிடுங்கள். "சார், நவம்பர் டிசம்பரில் பெரிய வெள்ளம் வந்தால் இரண்டு நாள் தன்னார்வ லீவு எடுக்கலாம் என்றிருக்கிறேன். ரிலீஸ் வாரத்தில் கேட்கமாட்டேன், தேதி நீங்கள் சொல்லுங்கள்" என்று. அது வெறும் பேச்சுதான். ஆனால் அப்புறம் மெயில் வரும்போது அவருக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. மெயில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இதுதான்:

"வணக்கம். தன்னார்வப் பணிக் கொள்கையின் (பதிப்புத் தேதி குறிப்பிடவும்) 4-ஆம் பத்தி, 'ஒரு காலண்டர் ஆண்டில் 16 மணி நேரம் வரை' என்று அனுமதிக்கிறது. அதன்படி டிசம்பர் 28, 29 ஆகிய இரண்டு நாட்களுக்கு அனுமதி கேட்கிறேன். இந்த ஆண்டு இதுவரை நான் எதுவும் எடுக்கவில்லை. பணி: ஸ்ரீவைகுண்டம் பகுதியில் வீடுகளைச் சுத்தம் செய்தல், ஆவண மனுக்கள் எழுதிக்கொடுத்தல். நடத்தும் அமைப்பின் அழைப்புக் கடிதமும் பதிவுச் சான்றிதழும் இணைப்பில். என் ரிக்ரெஷன் டெஸ்டிங் 27-ஆம் தேதியே முடிந்துவிடும். அந்த இரண்டு நாளும் அவசரமாக ஏதாவது வந்தால் டீமில் இன்னார் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தத் தேதி சரிப்படாது என்றால், 31-ஆம் தேதிக்குள் வேறு எந்த நாட்கள் முடியும் என்று சொல்லுங்கள்."

பத்தி எண், பதிப்புத் தேதி, பாலிசியின் வாசகம் மூன்றையும் அப்படியே எடுத்துப் போடுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்க வேண்டாம். பாலிசிகள் சொல்லாமல் மாறும். இன்ட்ராநெட்டிலிருந்து பிடிஎஃப் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, கேட்கும் அன்று மறுபடியும் சரிபாருங்கள். "எனக்கு உரிமை உண்டு" என்ற தொடர் எங்கேயும் வேண்டாம். அது உண்மையும் இல்லை, படிப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளும். சி.எஸ்.ஆர். டீமுக்கு நகல் போடலாம், பாலிசியே அவர்களைக் குறிப்பிடுகிறது. மேனேஜரின் மேனேஜருக்குப் போடாதீர்கள். மனக்கசப்பு தொடங்கும் இடம் அதுதான். கடைசி வரியில் வேறு தேதி கேட்டிருப்பதால், அவர் மறுத்தாலும் "இப்போது முடியாது, அப்போது வா" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். "இப்போதைக்கு சி.எல். போட்டுக்கோ, அப்புறம் மாத்திக்கலாம்" என்றால் மட்டும் சம்மதிக்காதீர்கள். மாதச் சம்பளக் கணக்கு மூடியபின் லீவு வகையை மாற்றுவது எங்கள் துறைக்கே பெரும்பாடு, பெரும்பாலும் நடக்காது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. 2015 டிசம்பரில் நான் வேறொரு கம்பெனியில் இருந்தேன். எங்கள் ஊழியர் ஒருவர் கடலூர்ப் பக்கம் நிவாரணத்துக்குப் போனார். சேற்றுக்குள் கிடந்த பலகையில் இருந்த துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிவிட்டது. புண் சீழ் பிடித்து மூன்று வாரம் நடக்க முடியவில்லை. அட்மிட் ஆகாமல் வெளிநோயாளியாகவே சிகிச்சை எடுத்ததால் மெடிக்ளெய்மில் ஒரு ரூபாய் வரவில்லை. பணியில் ஏற்பட்ட காயமா என்றால் அதுவும் இல்லை. அவராகப் போனது, கம்பெனி அனுப்பியதில்லை. சம்பளத்தோடு லீவு கொடுத்தோம் என்பதால் அது வேலை நேரம் ஆகிவிடாது. அவருடைய கோப்பில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அது இன்றும் உறுத்துகிறது.

ஆகவே கிளம்பும் முன் மனிதவளத் துறைக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: நம் குழு விபத்துக் காப்பீடு 24 மணி நேரமும் செல்லுமா, வேலை நேரத்துக்கு மட்டுமா, தன்னார்வ லீவில் இருக்கும்போது செல்லுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போகும் அமைப்பு தன்னார்வலர்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கடினமான அடிப்பாகம் உள்ள கம்பூட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். வெள்ளச் சேற்றில் எலிக்காய்ச்சல் பரவும், அதற்குத் தடுப்பு மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அமைப்பிடம் இன்னொரு கடிதம் வாங்கிவிடுங்கள். எந்தத் தேதிகளில், தினம் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று லெட்டர்ஹெட்டில் நாலு வரி, கையெழுத்து, முத்திரை. சென்னை வந்து சேர்ந்தபின் போனில் கேட்டு வாங்குவது கஷ்டம். அவர்கள் அதற்குள் அடுத்த கிராமத்தில் இருப்பார்கள். வந்த அன்றே போர்ட்டலில் தன்னார்வ லீவுக்கான சரியான வகையைத் தேர்ந்தெடுத்து அந்தக் கடிதத்தை ஏற்றுங்கள். உங்களுக்காக அந்த இரண்டு நாளும் வேலையைப் பார்த்த சக ஊழியரை மறக்காதீர்கள். அவருக்கு லீவு வேண்டிய வாரத்தில் நீங்கள் நில்லுங்கள்.